மதமும் சுற்றுச்சூழல் மனப்பான்மையும்: ஆய்வேட்டுக்குக் கருதுகோளும் மாறிகளும் அமைப்பது எப்படி

என் சினாப்சிஸ் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை அதில் பதினான்கு கருதுகோள்கள் இருந்தன. ‘ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே சுற்றுச்சூழல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’, ‘நகரத்தாருக்கும் கிராமத்தாருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று வரிசையாகப் போகும். நூலகத்தில் இருந்த பழைய ஆய்வேடுகளைப் பார்த்து எழுதியதுதான். குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் பதினான்கையும் பொறுமையாகப் படித்துவிட்டு, “தலைப்பில் மதம் இருக்கிறது. இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். பதினான்கில் ஒன்றில் மட்டும், ‘மதத்தின் அடிப்படையில் வேறுபாடு இல்லை’ என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரியைப் பிரித்து எழுத எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கேள்வித்தாள் மூலம் எண்களாகத் தரவு திரட்டி இதே தலைப்பில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது கன்னியாகுமரி மாவட்டம். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1. மதம் என்றால் எதை அளக்கப் போகிறீர்கள்?

முதல் வேலை இதுதான். மதம் என்பது ஒரே மாறி இல்லை, குறைந்தது நான்கு. எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பது ஒன்று. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ எவ்வளவு போகிறார், எவ்வளவு வேண்டுகிறார் என்பது இரண்டாவது. அவருடைய வாழ்க்கை முடிவுகளில் மதத்துக்கு எவ்வளவு இடம் என்பது மூன்றாவது. இயற்கையைப் பற்றி அவருடைய மதம் சொல்வதாக அவர் எதை நம்புகிறார் என்பது நான்காவது. இந்த நான்கும் ஒரே பக்கம் இழுக்கும் என்று நினைக்காதீர்கள். தினமும் ஜெபம் செய்கிற இருவரில் ஒருவர், ‘கடவுள் இதை நம் கையில் ஒப்படைத்திருக்கிறார், பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்’ என்று நம்பலாம். மற்றவர், ‘மனிதன் அனுபவிக்கத்தான் படைத்தார்’ என்று நம்பலாம். ஜெபத்தை மட்டும் அளந்தால் இந்த இருவரும் ஒரே ஆள்.

மதப் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்புப்படி குமரி மாவட்டத்தில் இந்துக்கள் சுமார் 48.7 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.9, முஸ்லிம்கள் 4.2. இரண்டு பெரிய சமூகங்கள் ஏறக்குறையச் சரிபாதி, ஒப்பிட இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடைக்காது என்றுதான் நானும் குதித்தேன். கைடு வரைபடத்தை எடுத்து விரித்தார். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். உள்நாட்டில் சி.எஸ்.ஐ., பெந்தேகோஸ்தே, ரப்பர் தோட்டம், ஆசிரியர் வேலை, கடை. இந்துக்களில் பெரும்பாலோர் உள்நாட்டில். அப்படியானால் கிறிஸ்தவர்களுக்குக் கடல் பற்றிய கவலை அதிகம் என்று முடிவு வந்தால் அது பைபிளால் வந்ததா, வலையால் வந்ததா? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கடலில் ஆளைப் பறிகொடுத்த ஊர்கள் அவை. அவர்கள் தட்பவெப்பத்தைப் பற்றிக் கவலைப்பட மதம் தேவையே இல்லை.

ஆகவே மதப் பெயரைக் குழு மாறியாக மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையான சாரா மாறியாக நம்பிக்கையை வைத்தேன். மதம் வாழ்வில் எவ்வளவு மையமாக இருக்கிறது என்பதை அளக்க ஹூபர் உருவாக்கிய மதமையத்தன்மை அளவுகோலைப் பயன்படுத்தினேன். அதில் பல மதங்களுக்கும் பொருந்தும்படி அமைத்த ஏழு கேள்வி வடிவம் இருக்கிறது. நம் ஊருக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். வழக்கமான ஐந்து கேள்வி வடிவம் பொதுவழிபாடு, ஜெபம் என்று கிறிஸ்தவ வாழ்க்கையை ஒட்டிப் போகும். ஏழு கேள்வி வடிவத்தில் ஜெபத்துக்குப் பக்கத்தில் தியானமும், கடவுள் தலையிடும் அனுபவத்துக்குப் பக்கத்தில் எல்லாவற்றோடும் ஒன்றாகும் அனுபவமும் இருக்கும்.

இங்கே ஒரு பொறி. ஏழு கேள்வியையும் கூட்டி ஏழால் வகுத்துவிடாதீர்கள். அந்த இரண்டு ஜோடிகளிலும் எது அதிகமோ அதை மட்டும் எடுத்து, மொத்தம் ஐந்து எண்களின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஏழால் வகுத்தால், ஜெபிக்கிறவர் தியானம் செய்யாததற்காக மதிப்பெண் இழப்பார். நான் முன்னோட்டத் தரவில் அப்படித்தான் செய்து வைத்திருந்தேன்.

பொதுவழிபாட்டுக் கேள்வியும் கொஞ்சம் படுத்தும். ஞாயிறு ஆராதனை என்பது கிறிஸ்தவர்களுக்குக் கணக்கு வைத்துச் சொல்லக்கூடியது. இந்துப் பெண்களில் பலர் வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவதோடு சரி, கோயிலுக்கு மாதத்தில் ஒரு நாள் போனால் அதிகம். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு யார் அதிக பக்தி உள்ளவர் என்று மதங்களுக்கிடையே ஒப்பிடக் கூடாது. ஒரே மதத்துக்குள் ஒப்பிடலாம்.

2. சார்ந்த மாறி: மனப்பான்மை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இந்தத் துறையில் எல்லோரும் கை வைக்கும் அளவுகோல் டன்லப்பும் வான் லியரும் 1978-இல் கொண்டுவந்து, 2000-இல் திருத்தி வெளியிட்ட ‘நியூ எகலாஜிக்கல் பாரடைம்’, சுருக்கமாக என்.இ.பி. அளவுகோல். பதினைந்து வாக்கியம், ஐந்து புள்ளி, மொத்தம் 15 முதல் 75 வரை. (நம் ஊரில் என்.இ.பி. என்றால் கல்விக் கொள்கை என்று நினைத்துக்கொள்வார்கள். என் சினாப்சிஸ் ஒருமுறை கல்வியியல் துறைக்கே போய்விட்டு வந்தது.) அது அளப்பது உலகப்பார்வையை. இயற்கையின் சமநிலை எளிதில் குலையக்கூடியதா, வளர்ச்சிக்கு எல்லை உண்டா, மனிதன் இயற்கை விதிக்கு விதிவிலக்கா என்பது போன்ற பொதுவான எண்ணங்கள். அதில் அதிக மதிப்பெண் வாங்கியவர் நாளைக்குப் பிளாஸ்டிக் பையை விட்டுவிடுவார் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மதம் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் குறிப்பாகப் பார்க்க வேண்டியது பன்னிரண்டாவது வாக்கியம். மற்ற இயற்கையை ஆளவே மனிதன் படைக்கப்பட்டான் என்ற பொருளில் வரும். இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ‘மனிதனுக்கு இயற்கை மேல் ஆளுகை உண்டு’ என்ற நம்பிக்கையைச் சாரா மாறியாக வைத்திருந்தேன். சார்ந்த மாறிக்குள்ளும் அதே நம்பிக்கை ஒரு வாக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. தொடர்பு வராமல் எப்படி இருக்கும்? ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிப்பதுபோல் ஆகிவிடும். முடிந்தால் அந்த வாக்கியத்தை நீக்கிய மொத்தத்தையும், நீக்காத மொத்தத்தையும் இரண்டாகக் கணக்கிட்டு இரண்டையும் அறிக்கையில் காட்டுங்கள். அதைச் செய்வதாக சினாப்சிஸிலேயே எழுதிவிடுங்கள். வைவாவில் யாராவது கேட்ட பிறகு சொன்னால் சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

நான் கடைசியில் என்.இ.பி.யை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, பன்னாட்டு சமூக ஆய்வுத் திட்டத்தின் சுற்றுச்சூழல் கேள்வித்தாளில் உள்ள மூன்று கேள்விகளை முதன்மை மாறியாக வைத்தேன். சுற்றுச்சூழலைக் காக்க அதிக விலை கொடுக்கச் சம்மதமா, அதிக வரி கட்டச் சம்மதமா, வாழ்க்கை வசதியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா? ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. இதை ‘தியாக விருப்பம்’ என்று பெயரிட்டுக்கொண்டேன். வருமானம் குறைந்தவர் அதிக விலைக்குச் சம்மதிக்க முடியாது என்பதால் இதற்கும் குறை உண்டு. ஆனால் அந்தக் குறையை வருமானத்தைக் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டலாம். பன்னிரண்டாவது வாக்கியச் சிக்கலை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

களப்பணிக்குப் பணமோ நேரமோ இல்லாதவர்கள் உலக மதிப்பீடுகள் ஆய்வின் தரவை இணையத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏழாவது சுற்றில் `Q164` கடவுள் வாழ்வில் எவ்வளவு முக்கியம், `Q171` வழிபாட்டுக்கு எவ்வளவு போகிறீர்கள், `Q111` சுற்றுச்சூழலா பொருளாதார வளர்ச்சியா. கடைசிக் கேள்வி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. அதனால் அதற்கு லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்தான் போட வேண்டும். சில நாடுகளில் சில கேள்விகள் விடுபட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

3. கருதுகோளை வாக்கியமாக எழுதுதல்

‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்பது புள்ளியியல் சோதனைக்கு உள்ளே இருக்கும் இன்மைக் கருதுகோள். மென்பொருள் அதைத் தானாகவே வைத்துக்கொள்ளும். ஆய்வேட்டில் நீங்கள் எழுத வேண்டியது நீங்கள் எதிர்பார்ப்பதை. எது கூடினால் எது கூடும் அல்லது குறையும், யாரிடத்தில், எதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகு? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அது கருதுகோள். சில துறைகளில் இன்மை வடிவத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் செய்வார்கள். சண்டை போடாதீர்கள். முதலில் ஆய்வுக் கருதுகோளை எழுதி, கீழே அதன் இன்மை வடிவத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எண்ணிக்கையையும் குறையுங்கள். 0.05 அளவில் பதினான்கு தனித்தனிச் சோதனை செய்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் குறைந்தது ஒன்றாவது ‘குறிப்பிடத்தக்கது’ என்று வர 51 விழுக்காடு வாய்ப்பு. காசைச் சுண்டிவிடுவதற்குச் சமம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பல ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயம் நிற்கிறது.

என் மூன்று கருதுகோள்கள் கடைசியில் இப்படி அமைந்தன:

க1: வாழ்வில் மதத்தின் மையத்தன்மை கூடும்போது, இயற்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற காப்பாளர் நம்பிக்கையும் கூடும்.

க2: காப்பாளர் நம்பிக்கை கூடும்போது, வயது, கல்வி, குடும்பப் பொருள்நிலை, மீன்பிடித் தொழில், ஒக்கி பாதிப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், தியாக விருப்பம் கூடும்.

க3: இந்துக்களிடையே, புனித நீர் அசுத்தமாகாது என்ற நம்பிக்கை கூடும்போது நீர் மாசு பற்றிய கவலை குறையும்.

மூன்றாவது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். முதலில் நான் அதை நேர் எதிராக எழுதியிருந்தேன். ஆற்றைத் தெய்வமாக நினைப்பவர் ஆற்றைக் காப்பார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, மேடையிலும் எல்லோரும் சொல்வது. அப்புறம் காசியில் கங்கைக் கரையில் களப்பணி செய்த மானுடவியலாளர் கெல்லி ஆலியின் எழுத்தைப் படித்தேன். அங்கே உள்ளவர்கள் அழுக்கையும் தூய்மையையும் இரண்டு வேறு விஷயமாகப் பார்க்கிறார்கள். கங்கையில் குப்பை மிதக்கலாம், ஆனாலும் கங்கை தூய்மையானவள், அவளைக் கெடுக்க யாராலும் முடியாது. நம் பக்கத்தில் இதைப் பார்க்கக் காசி வரை போக வேண்டாம். பாபநாசத்தில் தாமிரபரணியில் குளித்துப் பாவத்தைத் தொலைப்பவர்கள் உடுத்திய துணியையும் அங்கேயே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆற்றின் மேல் அவர்களுக்குப் பக்தி குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? தீட்டும் அழுக்கும் ஒன்றல்ல என்பது தமிழில் பேசுகிற எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் சினாப்சிஸ் எழுதும்போது மறந்துபோயிற்று.

திசையை இலக்கியத்திலிருந்து எடுங்கள், ஆசையிலிருந்து எடுக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சம பலத்தில் வாதம் இருந்தால், திசை சொல்லாமல் ‘தொடர்பு இருக்கும்’ என்று எழுதி இருமுனைச் சோதனை செய்யலாம், தவறில்லை.

இன்னொன்று, சொல். ‘பாதிக்கும்’, ‘உருவாக்கும்’, ‘தாக்கம் செலுத்தும்’ என்று எழுதாதீர்கள். ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளில் இரண்டையும் கேட்டுவிட்டு எது எதை உருவாக்கியது என்று சொல்ல முடியாது. ‘தொடர்புடையது’, ‘கூடும்போது கூடும்’ போதும். என் இரண்டாவது சினாப்சிஸ் திரும்பியது இந்த ஒரு சொல்லால்.

4. மாறிகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தல்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மாறிகளை வட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுங்கள். மென்பொருள் எதுவும் வேண்டாம். என் தாளில் இடது ஓரம் மதமையத்தன்மை, நடுவில் காப்பாளர் நம்பிக்கை, வலது ஓரம் தியாக விருப்பம். நடுவில் நிற்பது இடைநிலை மாறி. மீன்பிடித் தொழிலிலிருந்து இடதுக்கும் ஒரு அம்பு, வலதுக்கும் ஒரு அம்பு. இப்படி இரண்டு பக்கமும் அம்பு போகிறவைதான் கட்டுப்பாட்டு மாறிகள். இதற்கு வெளியே இருப்பதையெல்லாம் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேர்க்காதீர்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தப்பு, இடைநிலை மாறியைக் கட்டுப்பாட்டு மாறியாகப் போட்டுவிடுவது. மதமையத்தன்மைக்கும் தியாக விருப்பத்துக்கும் உள்ள மொத்தத் தொடர்பைப் பார்க்கும் சமன்பாட்டில் காப்பாளர் நம்பிக்கையையும் சேர்த்தால், அந்தத் தொடர்பு போகும் வழியையே அடைத்துவிட்டு, தொடர்பு இல்லை என்று எழுதுவீர்கள். முதலில் இல்லாமல் ஒரு முறை, பிறகு சேர்த்து ஒரு முறை என்று இரண்டு படியாகச் செய்து, எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

அடுத்தது அளவை நிலை. மதம், சபை, தொழில் எல்லாம் பெயரளவை. இந்து 1, கிறிஸ்தவர் 2, முஸ்லிம் 3 என்று தட்டச்சு செய்துவிட்டு அதற்கும் மனப்பான்மைக்கும் ஒட்டுறவுக் கெழு போட்டால் மென்பொருள் மறுக்காது, அழகாக ஒரு எண்ணைக் கொடுக்கும். அதற்கு அர்த்தமே கிடையாது. ஒவ்வொரு குழுவுக்கும் 0, 1 என்று தனி மாறி உருவாக்கி, ஒரு குழுவை ஒப்பீட்டுக்காக விட்டுவிட வேண்டும். நான் உள்நாட்டு இந்துக்களை ஒப்பீட்டுக் குழுவாக விட்டேன், எண்ணிக்கை அதிகம் என்பதால்.

வருமானத்தை நேரடியாகக் கேட்டால் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், மீனவருக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையவும் கிடையாது. வீட்டின் கூரை, வண்டி, குளிர்சாதனப்பெட்டி என்று பொருள் பட்டியல் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒக்கி பாதிப்பை ‘குடும்பத்தில் யாராவது அப்போது கடலில் இருந்தார்களா’ என்று ஆம்/இல்லை கேள்வியாக வைத்தேன். அதற்கு மேல் கிண்டக் கூடாது என்று நெறிமுறைக் குழு சொல்லிவிட்டது. சரியாகத்தான் சொன்னார்கள்.

5. எத்தனை பேர்?

கருதுகோள் எழுதும்போதே இதைப் பார்க்க வேண்டும், பிறகு அல்ல. இந்தத் துறையில் தொடர்புகள் பொதுவாகச் சிறியவை. `G*Power` இலவச மென்பொருள். 0.05 அளவு, இருமுனை, 80 விழுக்காடு திறன் என்று கொடுத்தால், ஒட்டுறவு 0.3 ஆக இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்குச் சுமார் 85 பேர் போதும். 0.2 என்றால் 194. 0.1 என்றால் 780-க்கு மேல்.

எனக்கு நான்காவதாக ஒரு கருதுகோள் இருந்தது: காப்பாளர் நம்பிக்கைக்கும் தியாக விருப்பத்துக்கும் உள்ள தொடர்பு இந்துக்களைவிடக் கிறிஸ்தவர்களிடம் வலுவாக இருக்கும். ஒரு குழுவில் 0.1, மற்றதில் 0.3 என்று வைத்துக் கணக்குப் போட்டால், குழுவுக்கு 360-க்கு மேல் ஆள் வேண்டும், மொத்தம் எழுநூற்றுச் சொச்சம். என்னால் முடியாது. அதைக் கருதுகோள் பட்டியலிலிருந்து எடுத்து, ‘கூடுதலாகப் பார்க்கப்படும் கேள்வி’ என்று கீழே வைத்தேன். அப்படி இறக்கி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முஸ்லிம்களைச் சேர்க்கவில்லை. மாவட்டத்தில் குலுக்கல் முறையில் 400 பேரை எடுத்தால் 17 பேர்தான் வருவார்கள். பதினேழு பேரை வைத்து ஒரு சமூகத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. தனியாக ஒதுக்கீடு செய்து ஆள் தேட வசதி இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் தலைப்பிலேயே இரண்டு சமூகங்கள் என்று எழுதிவிடுங்கள். நான் 210, 210 என்று திட்டமிட்டு, அரைகுறைத் தாள்களைக் கழித்தபின் 396 கைக்கு வந்தது. அதில் இந்துக்கள் 204. மூன்றாவது கருதுகோளுக்கு அது போதும்.

6. மொழிபெயர்ப்பும் முன்னோட்டமும்

ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது, என்.இ.பி.யின் பதினோராவது வாக்கியம். பூமியை இடமும் வளமும் குறைந்த ஒரு விண்கலத்துக்கு ஒப்பிடும். தமிழாக்கம் துல்லியம், பின்மொழிபெயர்ப்பும் துல்லியம். முன்னோட்டத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வாசித்தேன். கையை நிறுத்தாமல் கேட்டார்: “மக்ளே, பூமி ராக்கெட்டுன்னா அதை ஓட்டுறது ஆரு?” நான் முழித்தேன். “ஆண்டவர்னா சரின்னு போடு. ஆருமில்லன்னா தப்புன்னு போடு.” வளத்தின் எல்லையைப் பற்றிக் கேட்டேன், அவர் இறைநம்பிக்கையைப் பற்றிப் பதில் சொன்னார். அந்தப் பதிலைத் தரவில் சேர்த்திருந்தால் மதத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் அருமையான தொடர்பு வந்திருக்கும். அந்த வாக்கியத்தை ‘ஒரு படகில் இவ்வளவு பேர்தான் ஏறலாம் என்பதுபோல’ என்று மாற்றி, மாற்றியதைப் பின்னிணைப்பில் எழுதி வைத்தேன்.

என்.இ.பி.யில் இரட்டைப்படை எண் வாக்கியங்கள் ஏழும் எதிர்த்திசையில் இருக்கும். அவற்றைத் திருப்பாமல் கூட்டினால் எல்லாம் பாழ். எஸ்.பி.எஸ்.எஸ். கட்டளை இது:

```
RECODE nep2 nep4 nep6 nep8 nep10 nep12 nep14
 (1=5)(2=4)(3=3)(4=2)(5=1)
 INTO r2 r4 r6 r8 r10 r12 r14.
EXECUTE.
```

திருப்பிய பிறகும் ஆறாவது வாக்கியம் முரண்டு பிடிக்கும். பூமியில் வளம் ஏராளம், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் போதும் என்பது அது. சூழல் அக்கறை உள்ளவர்களும் இதற்கு ‘ஆமாம்’ என்பார்கள், நல்ல கருத்துதானே என்று. உருப்படிக்கும் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவைப் பாருங்கள். எனக்கு மைனஸில் வந்தது. ஒரு வாக்கியம் மட்டும் மைனஸ் என்றால் வாக்கியத்தில் கோளாறு. ஏழும் மைனஸ் என்றால் நீங்கள் திருப்ப மறந்திருக்கிறீர்கள், அல்லது எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ சொல்கிறார்கள். மரியாதைக்காக ஆமாம் போடுவது நம் பக்கத்தில் மிக அதிகம். பங்குத்தந்தையோ கோயில் நிர்வாகியோ பக்கத்தில் நின்றால் இன்னும் அதிகம். அவர்கள் அறிமுகம் செய்து வைக்கட்டும், பிறகு தள்ளி வந்து கேளுங்கள்.

முன்னோட்டத்துக்கு 40 பேர் எடுத்தேன். அவர்களை முக்கியத் தரவில் சேர்க்கவில்லை.

7. காகிதம், காசு, காலம்

நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டியவை: சினாப்சிஸ், இரண்டு மொழிக் கேள்வித்தாள், தமிழில் ஒப்புதல் படிவம், கைடின் கடிதம். ஒப்புதல் படிவத்தில் ‘மதம் பற்றிய கேள்விகளும் உண்டு, விரும்பாததை விட்டுவிடலாம்’ என்ற வரி இல்லை என்று எனக்கு ஒருமுறை திருப்பினார்கள். அளவுகோல் உருவாக்கியவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். கேட்கும்போது தேடாமல் இருக்கலாம்.

குழு கூடுவதற்கு இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் மொழிபெயர்ப்பை முடித்துவிடலாம், ஆனால் முன்னோட்டத்தைத் தொடங்கக் கூடாது. அனுமதித் தேதிக்கு முந்தைய தரவு செல்லாது. தமிழாக்கம், பின்மொழிபெயர்ப்பு, ஒப்பீடு எல்லாம் ஐந்து வாரம். முன்னோட்டம் இரண்டு வாரம். களப்பணி மூன்றரை மாதம் ஆனது, அதில் பெரும்பகுதி காத்திருப்பு. கடற்கரை ஊர்களில் ஆண்கள் கையில் கிடைப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். மேற்குக் கடற்கரைப் பக்கம் ஜூன், ஜூலை. கிழக்குப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. குமரியில் இரண்டும் உண்டு, ஊரைக் கேட்டுக்கொண்டு போங்கள். நான் முதல் முறை கிறிஸ்துமஸ் வாரத்தில் போய், பக்தி மதிப்பெண் எல்லோருக்கும் உச்சியில் நிற்க, அந்த இருபது தாளையும் தூக்கிப் போட்டேன்.

செலவில் பெரியது பின்மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த நாலாயிரமும் பேருந்துக் கட்டணமும். ஆறு பக்கத் தாள் 450 படிகள் பக்கத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 2,700 ஆனது. எஸ்.பி.எஸ்.எஸ். துறையின் கணினியில் இருந்தது, ஆனால் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் `jamovi` போட்டுக்கொண்டேன். இலவசம், இந்த ஆய்வுக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே வரும்.

தரவு திரட்டத் தொடங்குவதற்கு முந்தைய நாள், மூன்று கருதுகோள்களையும், எந்த வாக்கியங்கள் எந்த மாறிக்கு, எந்தச் சோதனை என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி, கைடிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன். க3 பொய்த்தது. புனித நீர் நம்பிக்கைக்கும் மாசு பற்றிய கவலைக்கும் தொடர்பே வரவில்லை. ‘பேசாமல் இதை எடுத்துவிடேன்’ என்று நண்பர்கள் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட தாள் கோப்பில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. வைவாவில் புறத்தேர்வாளர் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான்.